லெஃப்ட் பேக் நடுவுக்கு வந்தால்: மூன்று ஞாயிறு ஆடிப் பார்த்தது

அல்சூர் பக்கம் ஞாயிறு காலை ஃபுட்பால் ஆடுகிற டீம் எங்களுடையது. நான் லெஃப்ட் பேக். நாங்கள் 4-3-3, எதிரே வருகிறவர்கள் பெரும்பாலும் 4-4-2. பின்னாலிருந்து பந்தை மேலே கொண்டுபோகும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் மாட்டுவோம். அவர்களுடைய இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் செண்டர் பேக் மேல் பாய மாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் நின்று, எங்கள் ஒற்றை டிஃபென்சிவ் மிட்ஃபீல்டரை முதுகுக்குப் பின்னால் மறைத்துவிடுவார்கள். நடுவே வழியில்லை என்றதும் செண்டர் பேக் அண்ணன் கோட்டோரம் நிற்கும் எனக்குத் தட்டுவார். அவர்கள் விங்கர் ஓடி வருவான். ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் அவன். பந்து போய்விடும்.

2013-ல் பேயர்ன் மியூனிக்குக்கு கோச்சாக வந்த கார்டியோலா, லாம், அலாபா போன்ற ஃபுல் பேக்குகளை மிட்ஃபீல்டுக்குள் நிறுத்தினார். அதைத்தான் செய்து பார்த்தோம். ரைட் பேக் செண்டர் பேக்குகளோடு சேர்ந்து மூன்றாவது ஆளாக நிற்பான். நான் மிட்ஃபீல்டர் பக்கத்தில் போய் நிற்பேன். பின்னால் மூவர், முன்னால் இருவர். இப்போது ஸ்ட்ரைக்கர்களுக்கு மறைக்க வேண்டியது ஒருவனை அல்ல, இருவரை. என்னை மறைக்க ஒருவன் வெளியே நகர்ந்தால் நடுவில் மிட்ஃபீல்டருக்கு வழி திறக்கும். நகராவிட்டால் நான் ஃப்ரீ.

முதல் ஞாயிறு சொதப்பல். கீப்பர் பந்தை வைத்திருக்கும்போதே உள்ளே போய் நின்றுவிட்டேன். ஸ்ட்ரைக்கருக்கு என்னைப் பார்த்து, மறைத்து நிற்க நேரம் கிடைத்துவிட்டது. வந்த ஒரே பாஸையும் எதிர் கோலுக்கு முதுகு காட்டியபடி வாங்கினேன். பின்னால் வந்தவன் பறித்து, நான் விட்டுவந்த இடது பக்கத்தில் போட்டான். கோல்.

இரண்டாவது வாரம் நேரத்தை மாற்றினேன். கீப்பரின் பாஸ் செண்டர் பேக்கை நோக்கி உருளும்போதுதான் உள்ளே ஓடுவது. ஓடும்போதே தோளுக்கு மேல் ஒரு பார்வை, பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று பின்காலில் வாங்குவது. அவ்வளவுதான், முன்னால் இருந்த இடம் முழுவதும் தெரிந்தது. அவர்கள் நடு மிட்ஃபீல்டர் என்னைத் தடுக்க வெளியே வர, அவன் விட்ட இடத்தில் எங்கள் ஆளுக்குப் பந்து கொடுத்தேன். இரண்டு ஸ்ட்ரைக்கர்களும் பின்னால் தங்கிவிட்டார்கள். பந்து பறிபோனபோதும் நடுவில் நாங்கள் இருவர் நின்றதால் எதிர்த்தாக்குதல் அங்கேயே நின்றது.

மூன்றாவது வாரம் எதிர் விங்கர் நான் போகுமிடமெல்லாம் வந்தான். "மச்சா, அவன் உன்கூடவே வர்றான்டா!" என்று அண்ணன் கத்தினார். அப்படியென்றால் செண்டர் பேக்கிலிருந்து எங்கள் லெஃப்ட் விங்கருக்கு நேர் வழி திறந்திருக்க வேண்டும். திறந்துதான் இருந்தது. ஆனால் எங்கள் விங்கரும் உள்ளே வந்துவிட்டான், கோட்டோரம் யாருமில்லை. நான் உள்ளே போகிற ஒவ்வொரு முறையும் அவன் சுண்ணாம்புக் கோட்டை மிதித்தபடி நிற்க வேண்டும். அடுத்த ஞாயிறு பார்க்க வேண்டியது அதுதான்.