கணக்கு டீச்சரிலிருந்து டெஸ்டர்: ஒரு வேலை விளம்பரத்தை வரி வரியாகப் பொருத்திப் பார்த்த அனுபவம்

மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு மானியப் பள்ளியில் 11 வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தேன், கிரேடு 7 முதல் 11 வரை. இப்போது எபேனில் ஒரு கம்பெனியில் ஜூனியர் டெஸ்டர். டீச்சர் வேலையிலிருந்து மென்பொருள் சோதனைக்குப் போகலாமா என்று யோசிக்கிற சிலர் என்னிடம் என்ன கோர்ஸ் படித்தாய் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கோர்ஸை விட எனக்கு உதவியது ஒரு எக்செல் ஷீட். வேலை விளம்பரத்தில் கேட்டிருந்ததை ஒரு பக்கமும் நான் பள்ளியில் உண்மையில் செய்ததை இன்னொரு பக்கமும் வைத்து, எது பொருந்துகிறது, எது பொருந்துவது போல் தோன்றுகிறது, எது இல்லவே இல்லை என்று பிரித்த ஷீட். அதை முதல் தடவை தப்பாகச் செய்தேன், அதனால் இரண்டையும் சொல்கிறேன்.

விளம்பரத்தில் எட்டு வரி. மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவைக் குறிப்பைப் படித்து, எதைக் கொடுத்தால் என்ன வர வேண்டும் என்று டெஸ்ட் கேஸ் எழுதி ஓட்ட வேண்டும். குறைகளை அவற்றைப் பதியும் மென்பொருளான ஜிராவில் தெளிவாகப் பதிந்து, சரியாகும் வரை பின்தொடர வேண்டும். தரவுத்தளத்திலிருந்து தகவல் எடுக்கும் மொழியான எஸ்.க்யூ.எல். அடிப்படையாவது தெரிய வேண்டும். ஆங்கிலம், பிரெஞ்சு இரண்டிலும் எழுத வரவேண்டும். வேலையைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்துச் செய்யும் அஜைல் குழுவில் வேலை செய்ய வேண்டும். நுணுக்கமான கவனம், நல்ல பேச்சுத்திறன். ஒன்று முதல் இரண்டு வருட டெஸ்டிங் அனுபவம். கடைசியாக, டெஸ்டர்களுக்கான ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படைச் சான்றிதழ் இருந்தால் நல்லது.

நான் உட்கார்ந்து எல்லா வரிக்கும் எதிரே ஏதோ ஒன்று எழுதிவிட்டேன். கவனமா? விடைத்தாள் திருத்துகிறேன். பேச்சுத்திறனா? 40 பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அனுபவத்துக்கு எதிரே 11 வருஷம் என்றே போட்டேன், தேர்வு வைப்பதும் சோதனைதானே என்று. ஷீட் முழுக்கப் பச்சை. அதை என் சித்தி மகனிடம் காட்டினேன், அவன் எபேனிலேயே வேறொரு இடத்தில் டெஸ்ட் லீடாக இருக்கிறான். (நாங்கள் பேசியது பாதிக்கு மேல் கிரியோலில், இங்கே தமிழில் தருகிறேன்.)

"அக்கா, இதில் நீ வார்த்தைக்கு வார்த்தை பொருத்தியிருக்கிறாய். ஒவ்வொரு வரிக்கும் மேசையில் எடுத்து வைத்துக் காட்ட உன்னிடம் என்ன இருக்கிறது?"

அந்தக் கேள்விக்கு அப்புறம் ஷீட் அடியோடு மாறியது. நான்கு மதிப்பு வைத்தோம். அந்த வேலையையே செய்திருந்தால் 3. வேறு தொழிலில் அதே மாதிரி செய்து, காட்ட ஒரு பொருளும் இருந்தால் 2. படித்து மட்டும் இருந்தால் 1. ஒன்றும் இல்லையென்றால் 0. கவனம், பேச்சுத்திறன் இரண்டுக்கும் மதிப்பே போடவில்லை. எல்லா விண்ணப்பத்திலும் அந்த வார்த்தைகள் இருக்கும், மற்ற வரிகளில் காட்டுவதில்தான் அது தெரியும் என்றான் தம்பி. மொத்தம் கூட்டவும் விடவில்லை. கூட்டினால் என்ன ஆகும் என்று எனக்கே தெரியும், சராசரி 60 வாங்கிய பிள்ளை ஒரு பாடத்தில் 15 வாங்கியிருப்பது அந்தச் சராசரியில் தெரியாது. கட்டாயமான வரியில் ஒரு 0 இருந்தால் அது தனியாகக் கண்ணில் பட வேண்டும்.

டெஸ்ட் கேஸ் வரிக்குத்தான் எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது. கேள்வித்தாள் தயாரித்தேன் என்று எழுதியிருந்தேன். அது போதாது என்றான். கேள்வித்தாள் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்ப்பதற்கு, டெஸ்ட் கேஸ் மென்பொருள் எங்கே உடையும் என்று தேடுவதற்கு. சரி, அப்படியென்றால் என்னிடம் நெருங்கி வருவது எது? மதிப்பெண் திட்டம். கேள்விக்கு முன்பே எதிர்பார்க்கும் விடையை எழுதி, எந்த வடிவத்தை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்று வரையறுத்து, அதைத் துறையில் இன்னொருவரிடம் கொடுத்துச் சரிபார்த்து, அப்புறம்தான் தேர்வு. டெஸ்ட் கேஸிலும் அதே ஒழுங்குதான், ஓட்டுவதற்கு முன்னால் எதிர்பார்க்கும் முடிவு எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையில் வந்ததையே சரி என்று மனசு ஒத்துக்கொள்ளும். பள்ளிக்குள் நான் போட்ட ஒரு பழைய மதிப்பெண் திட்டம் கையில் இருந்தது. அந்த வரிக்கு 2.

இன்னொன்றும் அதே திட்டத்தில் கிடைத்தது, அது நான் எதிர்பார்க்காதது. கேம்பிரிட்ஜ் கணக்குத் தாள்களில் ஃபாலோ த்ரூ மதிப்பெண் உண்டு. முதல் படியில் பிள்ளை தப்பான எண் எடுத்து, அடுத்த படிகளை முறையாகச் செய்திருந்தால், பிழைக்கு ஒரு தடவைதான் குறைப்போம். அதற்குப் பிழை எந்த வரியில் பிறந்தது என்று பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். குறை பதிவதிலும் அதேதான் வேண்டும் என்றான். ஒரே காரணத்தால் ஐந்து திரையில் தப்பு வந்தால் ஐந்து குறை பதிந்து புரோகிராமரைத் திணறடிக்காமல், முதலில் எங்கே கெட்டது என்று பார்ப்பது.

ஆனால் காகிதத்தில் 2 போட்டதை அப்படியே நம்பக் கூடாது என்று ஒரு சோதனையும் வைத்தான். பயிற்சிக்காக அவன் செய்து வைத்திருந்த ஒரு காப்பீட்டுப் படிவம், இரண்டு மணி நேரம். தேவைக் குறிப்பில் ஒரு வரி: 18 முதல் 65 வயது வரை உள்ளவர் விண்ணப்பிக்கலாம். நான் முதலில் கேட்டது, 65 வயது முடிந்தவரா, 65 நடக்கிறவரா, விண்ணப்பிக்கும் நாளின் வயதா, காப்பீடு தொடங்கும் நாளின் வயதா என்று. அந்தக் கேள்வியையே டெஸ்ட் கேஸ் வரிக்கு ஆதாரமாக எழுதிக்கொள் என்றான். முடிந்த வயது, விண்ணப்பிக்கும் நாள் என்று வைத்துக்கொண்டு 17, 18, 65, 66 நான்கையும் போட்டேன். சமனிலி நடத்துகிற எவருக்கும் முனைகளில்தான் தப்பு வரும் என்று தெரியும். 65-ஐப் படிவம் ஏற்கவில்லை, 64-ஐப் போட்டால் ஏற்றது. அதாவது நிரலில் 65-ஐ விடச் சிறியது என்று எழுதியிருக்கிறார்கள், 65-ஐயும் சேர்க்கவில்லை.

அடுத்தது தொகை. நம் ஊரில் பிள்ளைகள் ஆங்கில முறையில் ஆயிரத்துக்குக் காற்புள்ளி போடுவார்கள், பிரெஞ்சு முறையில் தசமத்துக்கும் காற்புள்ளி போடுவார்கள், வருஷக்கணக்காக அதைத் திருத்தியிருக்கிறேன். அதனால் `1,500` என்று அடித்துப் பார்த்தேன். உறுதித் திரை அடித்ததையே அப்படியே காட்டியது, நான் சரி என்று நகரப் போனேன். தம்பி தரவுத்தளத்தில் இதை ஓட்டினான்:

```sql
SELECT id, age, amount
FROM applications
WHERE amount < 10;
```

என் விண்ணப்பம் 1.5 ரூபாய் என்று சேமிக்கப்பட்டிருந்தது. விளம்பரத்தில் எஸ்.க்யூ.எல். ஏன் கேட்கிறார்கள் என்பது அந்த நிமிஷம் புரிந்தது. அந்த வரிக்கு நான் முதலில் எக்செல் மதிப்பெண் பட்டியலைக் காட்டி 2 போட்டிருந்தேன். அதை 0 ஆக்கினோம். வடிகட்டுவதும் பிவட் போடுவதும் கற்றுக்கொள்வதை வேகப்படுத்தும், அவ்வளவுதான், வினவல் எழுதத் தெரியும் என்பதற்கு அது சான்று இல்லை.

நான் கோட்டை விட்டதும் உண்டு. ஆங்கிலம் தேர்ந்தெடுத்த படிவத்தில் ஒரு பிழைச் செய்தி பிரெஞ்சில் வந்தது. எனக்கு இரண்டும் புரியும், அதனால் பாஸ் என்று குறித்துவிட்டேன். பிள்ளை என்ன சொல்ல வருகிறது என்று ஊகித்து மதிப்பெண் கொடுத்துப் பழகிய கை இது. வகுப்பில் அது நல்ல குணம், இங்கே அது குறையை மறைத்துவிடும். டீச்சராக இருந்து வருகிற யாரை மதிப்பிட்டாலும் இதை ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம், ஏனென்றால் விண்ணப்பத்தில் இது எங்கேயும் தெரியாது.

குறைப் பதிவிலும் அப்படித்தான். முதலில் நான் எழுதியது "வயதுச் சோதனை சரியாக இல்லை, கவனிக்கவும்." ரிப்போர்ட் கார்டில் எழுதுகிற நடை. தம்பி திருப்பிக் கொடுத்தான். இரண்டாவது தடவை இப்படி எழுதினேன்: "விண்ணப்பப் படிவம், 65 வயது ஏற்கப்படவில்லை. படிவத்தைத் திற, இன்றோடு 65 வயது முடிகிற பிறந்த தேதியைக் கொடு, அடுத்து என்பதை அழுத்து. எதிர்பார்த்தது: அடுத்த பக்கம். வந்தது: வயது வரம்புக்கு வெளியே என்ற செய்தி. 18, 64 இரண்டிலும் சரியாகப் போகிறது." அந்தக் கடைசி வாக்கியம்தான் புரோகிராமருக்கு நேரே வழி காட்டும். பதிவு வரிக்கு 1 போட்டோம். எழுதத் தெரிகிறது, ஆனால் பின்தொடர்ந்து மறுபடி சோதித்து மூடுவதை நான் செய்ததே இல்லை.

மற்றவை சீக்கிரம் முடிந்தன. மொழிக்கு 3, இரண்டு மொழியிலும் பெற்றோருக்கு எழுதிய கடிதங்கள் இருந்தன. அஜைலுக்கு 1. சான்றிதழ் 0, ஆனால் அது இருந்தால் நல்லது வகை, 40 கேள்வியில் 26 சரியாக எழுதினால் தேர்ச்சி, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளினோம். அனுபவ வரியில் 11 வருஷத்தை அழித்து 0 என்று எழுதினேன். கை நடுங்கியது என்றே சொல்லலாம். "அதை நிரப்ப முடியாது அக்கா. நிரப்பினால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியில் உடைந்துவிடும், அதோடு மற்ற 2, 3 எல்லாம் சந்தேகத்துக்கு வந்துவிடும்" என்றான்.

அப்புறம் செய்ய வேண்டியது தானாகவே தெரிந்தது. கட்டாய வரிகளில் என் முயற்சியால் நகரக்கூடிய 0 எஸ்.க்யூ.எல். ஒன்றுதான். ஆறு வாரம், பள்ளி முடிந்து தினம் ஒரு மணி நேரம், SELECT, WHERE, JOIN, GROUP BY, இவ்வளவே. பயிற்சிப் படிவத்தில் கண்டுபிடித்த ஒன்பது குறைகளை முறையாக எழுதி ஒரு கோப்பாக வைத்தேன், சரிசெய்த பதிப்பைத் தம்பி தந்ததும் மறுபடி சோதித்து, இரண்டு இன்னும் சரியாகவில்லை என்று திருப்பி அனுப்பினேன். பதிவு வரி அதனால் 2 ஆனது.

ஒரே மாதிரியான இரண்டு விளம்பரங்களுக்கு அனுப்பினேன். ஒன்றில் அனுபவம் இல்லை என்று முதல் வடிகட்டலிலேயே நிறுத்திவிட்டார்கள், ஷீட்டை யாரும் பார்க்கவில்லை. அதற்கு இந்த முறையில் மருந்து இல்லை. இன்னொன்றில் கூப்பிட்டார்கள். நேர்காணல் செய்த அம்மா ஷீட்டை வாங்கி, அனுபவம் 0 என்ற வரியில் நிறுத்தி, எஸ்.க்யூ.எல். எத்தனை வாரமாக என்று கேட்டார். ஆறு என்றேன். மடிக்கணினியைத் திருப்பி, இரண்டு அட்டவணையைச் சேர்த்து ஒரு எண்ணிக்கை எடுக்கச் சொன்னார். எடுத்தேன். அப்புறம் ஒரு பத்தித் தேவைக் குறிப்பைக் கொடுத்து, இதில் என்ன கேட்பீர்கள் என்றார். அடுத்த 40 நிமிஷமும் அந்த ஒரு பத்தியைப் பற்றித்தான் பேசினோம்.

சம்பளம் பள்ளியில் வாங்கியதை விடக் குறைவு, அதையும் யோசித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நவம்பரில் பள்ளி ஆண்டு முடிந்தது, விடைத்தாள்களைத் திருத்திக் கொடுத்துவிட்டு ஜனவரியில் சேர்ந்தேன்.