கோட்டின் மேல் எழுதிய எழுத்து

கையால் நிரப்பப்பட்ட விண்ணப்பப் படிவங்களை ஸ்கேன் செய்து, அவற்றில் அச்சிட்டிருப்பதை ஓர் அடுக்காகவும் மக்கள் எழுதியதை இன்னோர் அடுக்காகவும் பிரிப்பது எங்கள் பிரிவின் வேலையாக இருந்தது. எழுதாத ஒரு வெற்றுப் படிவத்தின் படத்தை எடுத்துக்கொண்டு, அதில் கறுப்பாக உள்ள இடங்களையெல்லாம் நிரப்பிய படிவத்திலிருந்து கழித்துவிட்டால் கையெழுத்து மட்டும் எஞ்சிவிடும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அந்த யோசனையில் பிழையில்லை. ஆனால் அது பலிப்பதற்கு இரண்டு படங்களும் ஓரிரு பிக்சலுக்கு மேல் விலகாமல் ஒன்றன்மேல் ஒன்று பொருந்த வேண்டும்.

ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற அளவில் ஸ்கேன் செய்தால் 2480 பிக்சல் அகலமும் 3508 பிக்சல் உயரமும் கொண்ட படம் கிடைக்கும். அதில் அரைப் புள்ளி தடிமனில் அச்சிட்ட கோடு ஏறத்தாழ 2 பிக்சல்தான். தாள் ஒரு பாகையில் பத்தில் ஒரு பங்கு சாய்ந்து சென்றிருந்தாலே, மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் இடையில் 6 பிக்சல் விலகல் வந்துவிடுகிறது. அதாவது கோட்டின் தடிமனைப் போல மூன்று மடங்கு. மூலப் படிவத்துக்குப் பதிலாக ஜெராக்ஸ் பிரதியில் எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு. பிரதியின் அளவு நூற்றில் ஒரு பங்கு மாறியிருந்தாலும், இடது ஓரத்தில் பொருந்தும் படம் வலது ஓரத்தில் 25 பிக்சல் தள்ளி நிற்கும்.

ஆகவே கழிப்பதற்கு முன் படத்தைப் பொருத்த வேண்டும். அச்சிட்ட தலைப்புகள், கட்டங்களின் மூலைகள் போன்ற மாறாத இடங்களில் மட்டும் அடையாளப் புள்ளிகளை எடுத்து, அவற்றை வெற்றுப் படிவத்தின் அதே புள்ளிகளோடு இணைத்து, முழுத் தாளையும் ஒரே உருமாற்றத்தில் திருப்பினோம்.

```python
H, _ = cv2.findHomography(src, dst, cv2.RANSAC, 3.0)
aligned = cv2.warpPerspective(scan, H, (2480, 3508))
```

விடை எழுதும் இடங்களிலிருந்து அடையாளப் புள்ளி எதையும் எடுக்கக் கூடாது. எடுத்தால் கையெழுத்தும் அச்சு என்று கருதப்பட்டுப் பொருத்தம் கெடும். தாளைத் தானே இழுத்துச் செல்லும் ஸ்கேனர்களில் உருளை சற்று வழுக்கினாலும் தாளின் ஒரு பகுதி மட்டும் நீண்டோ சுருங்கியோ பதிவாகும். அதனால் முழுத் தாளைப் பொருத்திய பின், ஒவ்வொரு விடைப் பகுதியையும் தனியே எடுத்து, ஓரிரு பிக்சல் மேலும் கீழும் நகர்த்திப் பார்த்து மறுபடியும் பொருத்துவோம்.

உண்மையான சிக்கல் இதற்குப் பிறகே தொடங்குகிறது. படிவத்தில் ஊர்ப்பெயருக்காக அச்சிட்ட கோட்டின் மேல் ஒருவர் ‘பட்டுக்கோட்டை’ என்று எழுதியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கோட்டைத் தாங்கலாகக் கொண்டு எழுதும் பழக்கம் பள்ளியிலேயே வந்துவிடுவதால், ‘ப’வின் அடிக்கோடும் ‘ட’வின் அடிக்கோடும் சரியாக அச்சுக் கோட்டின் மேலேயே படுத்துக்கிடக்கும். அச்சுக் கோட்டை அப்படியே அழித்தால் அந்த அடிக்கோடுகளும் சேர்ந்து போய்விடுகின்றன. ‘ப’ என்பது இரண்டு செங்குத்துக் கோடுகளாகவும், ‘ட’ என்பது ஒற்றைக் குச்சியாகவும் எஞ்சும். அதன்பின் எழுத்தைப் படிக்கும் மென்பொருளைக் குறை சொல்வதில் நியாயமில்லை, ஏனெனில் அதனிடம் போய்ச் சேர்ந்தது எழுத்தே அல்ல.

இதற்கு நாங்கள் கைக்கொண்ட வழி, கோட்டை முழுவதுமாக நீக்காமல், அதன் ஒவ்வொரு நெடுவரிசையிலும் கறுப்பு எவ்வளவு தடிமனாக இருக்கிறது என்று அளப்பது. ஸ்கேனில் சற்றே பரவியபின் அச்சுக் கோடு 3 அல்லது 4 பிக்சல் தடிமன் கொள்கிறது. சாதாரண பால்பாயிண்ட் பேனாவின் கோடு 6 பிக்சல் அளவில் இருக்கும். எனவே 4 பிக்சலுக்குள் அடங்கும் இடத்தை மட்டும் அழித்து, அதற்கு மேல் தடித்த இடத்தில் பேனா தொட்டிருக்கிறது என்று கொண்டு விட்டுவைக்கலாம். ‘ப’வின் அடிக்கோடு அச்சின் மேல் பாதியும் வெளியே பாதியுமாக விழுந்திருந்தால் தடிமன் இன்னும் கூடும், தீர்மானமும் எளிதாகும். கீழிறங்கிக் கோட்டைக் குறுக்கே வெட்டும் ‘டு’வின் வால் போன்ற பகுதிகளும் இந்த முறையில் அறுபடாமல் நிற்கும்.

ஆனால் மெல்லிய ஜெல் பேனாவுக்கு இந்த முறை உதவாது. அதன் கோடும் அச்சுக் கோடும் ஒரே தடிமனில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தால், தடிமன் எதையும் சொல்லாது. நீல மைதானே, நிறத்தை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்பார்கள். கறுப்பு மேல் நீலம் எழுதினால் கேமராவுக்கும் ஸ்கேனருக்கும் தெரிவது கறுப்புதான். நீலம் தெரிவது கோட்டின் இரு விளிம்பிலும் வழியும் மெல்லிய ஓரத்தில் மட்டுமே. அந்த ஓரம் காப்பாற்றப்பட வேண்டுமானால் படத்தை டிஃப் அல்லது பிஎன்ஜி வடிவில் இழப்பின்றிச் சேமிக்க வேண்டும். ஜேபெக் வடிவம் பெரும்பாலும் ஒளியளவை விட நிறத்தைக் குறைந்த நுணுக்கத்தில் வைத்துக்கொள்வதால், ஒரு பிக்சல் அகல நீலம் அக்கம்பக்கத்தில் கரைந்துவிடும். பேனா முழுவதும் கோட்டுக்குள் அடங்கியிருந்தாலோ தகவல் படத்திலேயே இல்லை. அத்தகைய இடங்களில் கணிப்பதைத் தவிர்த்து, மூலப் படத்தின் துண்டையே மனிதர் படிக்குமாறு காட்டுவதுதான் நேர்மையானது என்று நான் கருதுகிறேன்.

அடுத்தது புள்ளி. அச்சைக் கழித்தபின் ஓரங்களில் எஞ்சும் சிறு துணுக்குகளைக் குப்பை என்று அளவை வைத்து நீக்குவது வழக்கம். ஆனால் மெய்யெழுத்தின் புள்ளியும் ஏறக்குறைய அதே அளவுதான். அளவை மட்டும் பார்த்தால் ‘பட்டுக்கோட்டை’யின் மூன்று புள்ளிகளும் போய்விடும். விடை எழுதப் புள்ளிக்கோடு அச்சிட்ட படிவங்களில் இது மேலும் கடினம்: வரிகள் நெருக்கமாக இருந்தால் கீழ்வரியில் எழுதிய எழுத்தின் புள்ளி மேல்வரியின் புள்ளிக்கோட்டில் போய் உட்காரும். அளவை விட்டு இடத்தைப் பார்ப்பதே எங்களுக்குப் பயன்பட்டது. கழிப்பில் எஞ்சிய துணுக்கு எப்போதும் அச்சு இருந்த இடத்தின் ஓரத்தை ஒட்டியே கிடக்கும். கையால் வைத்த புள்ளி பெரும்பாலும் விலகி நிற்கும். விலகி நிற்பதைத் தொடாமல் விட்டோம்.

பிரித்தது சரியா என்று அறிய ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே வகைப் படிவங்கள் பலவற்றிலிருந்து பிரித்த கையெழுத்து அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். ஒவ்வொருவர் கையும் வேறு என்பதால், விடைப் பகுதிகளில் உருவமற்ற சாம்பல் மேகம்தான் தெரிய வேண்டும். அதில் அச்செழுத்துகளின் விளிம்புகள் படிக்கும்படி தெரிந்தால் பொருத்தம் தவறியிருக்கிறது. கோடு சென்ற இடத்தில் மேகத்தின் குறுக்கே வெள்ளை வடு ஓடினால் கையெழுத்தையும் சேர்த்து அழித்திருக்கிறோம்.

வெற்றுப் படிவம் கிடைக்காதபோதும் இதே கூட்டல் கைகொடுத்தது: நிரப்பிய படிவங்களைப் பொருத்தி, ஒவ்வொரு பிக்சலிலும் இடைநிலை மதிப்பை எடுத்தால் எழுத்துகள் மறைந்து அச்சு நிலைக்கும். பெரும்பாலோர் ஒரே இடத்தில் ஒரே விதமாக எழுதிய குறி மட்டும் அச்சு என்று தவறாக உள்ளே வந்துவிடும். அதைக் கண்ணால் பார்த்து நீக்க வேண்டும்.

எனக்கு மிகவும் அக்கறையுள்ள இடம் ‘பொருந்தாததை அடித்துவிடவும்’ என்ற வரி. ‘திரு / திருமதி / செல்வி’ என்ற அச்சின் மேல் ஒருவர் இரண்டு கோடுகள் இழுத்திருப்பார். பிரித்த அடுக்கில் அவை, இடையில் அறுபட்ட இரண்டு கோடுகள் மட்டுமே. எந்தச் சொல்லின் மேல் இழுக்கப்பட்டன என்பதுதான் விடை. அந்தச் சொல் இருப்பதோ மற்ற அடுக்கில். எனவே இரண்டு அடுக்குகளையும் ஒரே ஆயத்தொலைவுகளில் சேர்த்து வைக்க வேண்டும் என்றும், பிரித்தபின் அச்சு அடுக்கைத் தூக்கியெறியக் கூடாது என்றும் நாங்கள் விதி வைத்தோம். அடித்தலைக் குறிக்கும் பகுதிகளில் அச்சைக் கழிப்பதே இல்லை. ஒவ்வொரு சொல்லின் பரப்பிலும் வெற்றுப் படிவத்தில் இருந்ததை விட எவ்வளவு கறுப்பு கூடியிருக்கிறது என்று மட்டும் ஒப்பிட்டு, அதிகம் கூடிய சொற்களை அடிக்கப்பட்டவை என்று பதிவு செய்தோம்.