பீன்ஸ் நாளிலும் கையைக் கடிக்காத சாப்பாட்டு விலை

திருச்சியில் சித்தப்பா நடத்தும் மதியச் சாப்பாட்டு மெஸ்ஸின் கணக்கு என் பொறுப்புக்கு வந்தபோது முழுச் சாப்பாடு 90 ரூபாய். சோறு, சாம்பார், காரக்குழம்பு, ரசம், பொரியல், கூட்டு, அப்பளம், ஊறுகாய், மோர், சின்னக் கிண்ணத்தில் பாயசம். பாயசமும் அப்பளமும் தவிர மற்ற எல்லாம் கேட்கக் கேட்கப் போடுவது. நாளுக்குச் சராசரியாக 150 இலை விழும். கூட்டத்துக்குக் குறைவில்லை, மாதக் கடைசியில் கையில் நிற்பதுதான் குறைவாக இருந்தது. விலையை ஏற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. பக்கத்துத் தெருவில் 100 என்றால் நாமும் 100 வைப்போம் என்றார் சித்தப்பா. அந்தக் கடைக்கு வாடகை எவ்வளவு, அவர்கள் இலையில் என்ன விழுகிறது என்று தெரியாமல் விலையை மட்டும் பார்த்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

முதலில் ஒரு இலையில் உண்மையாகக் கைக்கு என்ன வருகிறது என்று பார்த்தேன். 90 ரூபாய்க்குள் 5 சதவீத ஜிஎஸ்டி அடக்கம். அது போக நிற்பது 85 ரூபாய் 70 காசு. இந்த 5 சதவீதத்தில் இருக்கும் உணவகம், சிலிண்டருக்கும் எண்ணெய்க்கும் தான் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆகவே வாங்குகிற சரக்கை எல்லாம் பில்லின் அடியில் இருக்கும் மொத்தத் தொகையிலேயே கணக்கில் எழுத வேண்டும். அடுத்து சம்பளம், வாடகை, கேஸ், மின்சாரம் எல்லாம் சேர்ந்து மாதம் 1,40,000 ரூபாய். 26 நாளில் 3,900 இலை என்றால் இலைக்கு 36 ரூபாய். மிச்சம் 49 ரூபாய் 70 காசு. சரக்குச் செலவு அதற்குள் எவ்வளவு அடங்குகிறதோ அவ்வளவுதான் லாபம்.

இந்தச் சரக்குச் செலவைக் கண்டுபிடிப்பதில்தான் நாள்கள் போயின. அளவுச் சாப்பாடாக இருந்தால் கிண்ணத்தை நிறுத்தால் போதும். கேட்கக் கேட்கப் போடும் சாப்பாட்டில் ஒருவர் எவ்வளவு சாப்பிடுவார் என்பதைப் பாத்திரம்தான் சொல்லும். காலையில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எவ்வளவு சரக்கு இறங்கியது, மூன்று மணிக்கு அண்டாவில் எவ்வளவு மிஞ்சியது, எத்தனை டோக்கன் கிழிந்தது, இந்த மூன்றையும் எழுத வேண்டும். கூடவே இலை எடுத்துப் போடும் வாளியையும் நிறுத்துப் பார்க்க வேண்டும். சமையலறை வாசலில் தராசைக் கொண்டுவந்து வைத்ததும் மாஸ்டருக்கு முகம் சுருங்கிவிட்டது.

"தம்பி, சோற்றை எடை போட்டுப் பரிமாறும் கடை என்று பெயர் வந்தால் அப்புறம் யாரும் படியேற மாட்டார்கள்."

"பரிமாறுவதை எடை போட மாட்டேன், மாஸ்டர். மிஞ்சுவதையும் வாளிக்குப் போவதையும் மட்டும்தான். நீங்களே பக்கத்தில் நின்று பாருங்கள்."

இரண்டு வாரக் குறிப்பில் வந்த சராசரி இது. சோறு 10 ரூபாய், சாம்பார் 6, காரக்குழம்பு நாலரை, ரசம் ஒன்றரை, மோர் 4, அப்பளம் 2, ஊறுகாய் அரை, பாயசம் 3, இலை 2. பொரியலும் கூட்டும் சேர்ந்து பதினொன்றரை. மொத்தம் 45. இலைக்கு நாலே முக்கால் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவாக நிற்கிறது. முகூர்த்த நாள்களில் பீன்ஸும் வாழை இலையும் ஒன்றாக விலை ஏறினால் அதுவும் போய்விடும்.

எல்லோரும் பழி சொல்வது நிறையச் சாப்பிடுகிறவர் மேல்தான். அது தவறான பழி. இரண்டாம் முறை சோறு கேட்பவருக்கு 60 கிராம் அரிசி கூடுதலாகச் செலவாகும். கிலோ 56 ரூபாய்ப் புழுங்கலரிசியில் அது மூன்றரை ரூபாய்கூட இல்லை. மேலே ஊற்றும் ரசம் ஒரு ரூபாய். அதே ஆள் இரண்டாம் முறை பீன்ஸ் பொரியல் கேட்டால் கதை வேறு. பீன்ஸ் அப்போது கிலோ 100 ரூபாய். நுனியும் நாரும் போக, வதங்கிச் சுருங்கியும் போக, ஒரு கரண்டிப் பொரியலுக்கு 65 கிராம் பச்சைக்காய் வேண்டும். அது ஆறரை ரூபாய். தேங்காயும் எண்ணெயும் சேர்த்தால் 8. வயிறு நிறைவது சோற்றிலும் சாம்பாரிலும் ரசத்திலும், காசு கரைவது பொரியலில்.

அதைவிட முக்கியமாக, காயின் கிலோ விலையை வைத்து அந்த நாளின் செலவைச் சொல்ல முடியாது என்பது தராசு இல்லாமல் எனக்குப் பிடிபட்டிருக்காது. உருளைக்கிழங்கு கிலோ 35, பாகற்காய் கிலோ 60. பாகற்காய் வைக்கும் நாளில்தான் செலவு கூடும் என்று தோன்றும். குறிப்பு நேர்மாறாகச் சொன்னது. உருளை வறுவல் நாளில் ஒரு இலைக்கு 150 கிராம் கிழங்கு போகிறது. மூன்று முறை கேட்பவர்கள் உண்டு, வறுவல் எண்ணெயும் குடிக்கும். முடிவில் இலைக்கு 7 ரூபாய். பாகற்காயை யாரும் மறுபடி கேட்பதில்லை. இலைக்கு 50 கிராம் காயோடு நின்றுவிடுகிறது, எண்ணெய் சேர்த்தும் 4 ரூபாய். ஒவ்வொரு காய்க்கும் எதிரே கிலோ விலையை எழுதும் பழக்கத்தை விட்டு, நம் கடையில் அது இலைக்கு எவ்வளவு தின்கிறது என்று எழுதத் தொடங்கினேன். மெஸ்ஸில் இன்றும் நான் விடாமல் பார்க்கும் குறிப்பு அதுதான்.

இதன் பிறகு பொரியலையும் கூட்டையும் தனித்தனியாகப் பார்க்காமல் ஒரே பையாக எடுத்துக்கொண்டேன். வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு இலைக்கு 9 ரூபாய், வாரத்துக்கு 54. எந்த நாளும் 9-ஐத் தாண்டக் கூடாது என்று கட்டினால் பீன்ஸும் உருளையும் வாழைப்பூவும் ஒருநாளும் இலையில் வராது. அப்படிப்பட்ட சாப்பாட்டுக்கு யார் வருவார்கள்? எனவே வாரத்துக்குத்தான் வரம்பு. பீன்ஸ் பொரியல் வரும் நாளில் கூட்டு பூசணிக்காய். இரண்டும் சேர்ந்து பதினொன்று. உருளை வறுவல் நாளில் சுரைக்காய்க் கூட்டு, அது பத்தரை. முட்டைகோஸ் பொரியலும் சௌசௌ கூட்டும் 8. பாகற்காய் நாளில் கீரைக்கூட்டு, ஏழரை. கொத்தவரங்காய்க்கும் புடலங்காய்க்கும் ஆளுக்கொரு நாள் ஒதுக்கி, அவற்றோடு எளிய கூட்டு வைத்தால் வாரம் 54-க்குள் வந்துவிடுகிறது. ஆள் விரும்பிக் கேட்கும் பொரியலையும் விலை கூடிய கூட்டையும் ஒரே இலையில் சந்திக்க விடக் கூடாது என்பதே மாஸ்டரிடம் நான் கேட்டுக்கொண்ட ஒரே விதி. மற்றபடி காந்தி மார்க்கெட்டில் அன்று காலை எது மலிவோ அதை வாங்க அவருக்கு முழு உரிமை. பீன்ஸ் கையைச் சுட்டால் அவரைக்காய் வாங்கி வருவார். சாப்பிடுகிறவருக்குத் தேவை நல்ல ஒரு பொரியல். செவ்வாய்க்கிழமை பீன்ஸ் என்று நாங்கள் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை.

பரிமாறும் முறையில் ஒரே ஒரு மாற்றம் செய்தோம். வாளியில் விழுந்த சோறு நாளுக்கு 6 கிலோ இருந்தது. அவசர நேரத்தில் முதல் தடவையே இரண்டு கரண்டி குவித்துப் போட்டுவிடுவதால் வந்தது அது. முதலில் ஒன்றரைக் கரண்டி போட்டுவிட்டு, சாம்பார் முடியும் முன்பே இலைக்கு இலை "சோறு போடட்டுமா அண்ணா" என்று கேட்டுக்கொண்டே போகச் சொன்னோம். வாளியில் சோறு இரண்டரைக் கிலோவாக இறங்கியது. இலைக்கு அரை ரூபாய்தான் மிச்சம். ஆனால் கேட்டுப் போடுகிறார்கள் என்ற நல்ல பெயரும் கிடைத்தது. பொரியல் கரண்டியைச் சின்னதாக மாற்றலாம் என்று சித்தப்பா சொன்னதை நான் ஏற்கவில்லை. தினமும் வருகிறவரின் கண்ணுக்குக் கரண்டி உடனே தெரிந்துவிடும், கூட்டில் சௌசௌ இருப்பது ஒரு குறையாகத் தெரியாது. பாயசத்தையும் அதே காரணத்துக்காகத் தொடவில்லை.

இப்படிச் சரக்கு 42 ரூபாய்க்கு வந்தது. விலை எழுத வேண்டிய நேரமும் அப்போதுதான் வந்தது. 105 என்று எழுதினால் வரி 5 போக 100 நிற்கும். சரக்கு 42 போக 58. விலையைக் கேட்டு ஆள் குறைந்தால் என்ன செய்வது என்பதே சித்தப்பாவின் பயம். நியாயமான பயம். அதனால் எத்தனை இலை வரை குறைந்தாலும் தாங்கும் என்று பார்த்தோம். பழைய விலையில் சரக்குப் போக இலைக்கு 40 ரூபாய் 70 காசு, 3,900 இலைக்கு சுமார் 1,58,700 ரூபாய். அதே தொகை இலைக்கு 58 வீதம் கிடைக்க மாதம் 2,740 இலை போதும். நாளுக்கு 105 அல்லது 106 இலை. 150-இல் 44 பேர் வராமல் போனால்தான் பழைய நிலைக்குத் திரும்புவோம். இந்த எண்ணைக் காட்டியதும் சித்தப்பா பலகையை எடுத்துத் துடைக்கச் சொல்லிவிட்டார். முதல் மாதம் 138 இலை ஓடியது. இலைக்கு நிலையான செலவு 39 ஆகக் கூடியும் 19 ரூபாய் நின்றது.

பார்சலைத் தனியாக வைத்தோம். அதில் மறு பரிமாறல் கிடையாது, ஆனால் டப்பாவும் பையும் செலவு, ஒரு பார்சலை இருவர் பகிர்வதும் சகஜம். சோற்றையும் பொரியலையும் நிறுத்துக் கட்டி, அளவுச் சாப்பாடாகவே கணக்குப் போட்டு, டப்பா விலையை மேலே சேர்த்தோம்.

இந்த முறைக்கு எல்லை உண்டு. காய் விலை ஏறினால் வேறு காய் வாங்கலாம். அரிசி, துவரம்பருப்பு, எண்ணெய், பால் ஏறினால் ஒளிய இடமில்லை, ஏனென்றால் சாம்பார் இல்லாத சாப்பாடு இல்லை. ஆகவே காய்க்காக ஒருநாளும் பலகையைத் தொடுவதில்லை. துவரம்பருப்பு கிலோவுக்கு 30 ரூபாய் ஏறினால் இலைக்கு 20 கிராமில் 60 காசு கூடும், 3,900 இலைக்கு மாதம் 2,340 ரூபாய். அதைத் தாங்கிக்கொள்கிறோம். காய் அல்லாத சரக்கு மட்டும் இப்போது இலைக்கு 33 ரூபாய். அது இரண்டு மாதம் தொடர்ந்து 35-ஐத் தாண்டினால் விலையை மாற்றுவது என்று சித்தப்பாவும் மாஸ்டரும் நானும் உட்கார்ந்து பேசி, கல்லாப் பெட்டியின் மூடியில் ஒரு சீட்டு ஒட்டி வைத்திருக்கிறோம்.