அப்பாவின் ஆறு ரிப்போர்ட்டுகளை ஒரே தாளில் கொண்டுவந்தது

அப்பாவுக்குச் சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டதால், 2024 ஜூனில் புது டாக்டரிடம் போனோம். கையில் அந்த வாரம் எடுத்த ஒரே ஒரு ரிப்போர்ட். அதைப் பார்த்துவிட்டு, "கிரியாட்டினின் 1.3 இருக்கு. முன்னாடி எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டார். சிறுநீரகம் ரத்தத்திலிருந்து வடிகட்டி வெளியேற்றும் கழிவுதான் கிரியாட்டினின்; வடிகட்டுவது குறைந்தால் அது ஏறும். முன்னாடி எவ்வளவு என்று எனக்கும் தெரியவில்லை, அப்பாவுக்கும் தெரியவில்லை. "எல்லாம் நார்மல்னுதான் சார் போட்டிருந்தான்" என்றார் அப்பா. பழையதையெல்லாம் எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் வரச் சொன்னார் டாக்டர்.

அம்மா எதையும் தூக்கிப் போடுபவர் இல்லை. பீரோவின் மேல்தட்டில் ஒரு ஜவுளிக்கடைப் பைக்குள் எல்லாம் இருந்தன: பக்கத்துத் தெரு லேபின் மடித்த தாள்கள், ஒரு பெரிய லேபின் 'ஃபுல் பாடி' பேக்கேஜ் ரிப்போர்ட்டுகள், 2023 ஆகஸ்டில் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் ஃபைல். மருந்துக்கடை பில்களும் கல்யாணப் பத்திரிகை ஒன்றும்கூட இருந்தன. ஆஸ்பத்திரியில் சின்ன மெஷினில் அடித்துக் கொடுத்த வழவழப்புத் தாள்கள் பாதி வெளுத்துவிட்டன. அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து முதலில் போட்டோ எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு வருடம் விட்டிருந்தால் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

எக்செல் திறந்ததும் நேராக அட்டவணை போடத்தான் கை போனது. மேலே தேதிகள், இடது பக்கம் பரிசோதனைகள். இரண்டு ரிப்போர்ட் ஏற்றியபின்தான் அது சரிவராது என்று புரிந்தது. ஒவ்வொரு லேபும் தனக்கென்று ஒரு வரம்பு போட்டிருந்தது. கிரியாட்டினினுக்குத் தெரு லேபில் 0.6–1.4, பெரிய லேபில் 0.7–1.3, ஆஸ்பத்திரியில் 0.6–1.2. ஒரே ஒரு 'நார்மல்' பத்தி வைத்தால் எதை எழுதுவது? அதே 1.3 ஓர் இடத்தில் சாதாரணம், இன்னோர் இடத்தில் அதிகம். லேப் எந்த முறையில், எந்த மெஷினில் அளக்கிறதோ அதை ஒட்டித்தான் வரம்பும் இருக்கும். அதனால் ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் வரம்போடு ஒட்டிப் பார்ப்பது தவறு.

அதனால் அட்டவணையை விட்டுவிட்டு ஒரு நீளப் பட்டியல் தொடங்கினேன். ஒரு வரிக்கு ஒரே ஓர் எண்: தேதி, லேப், பரிசோதனை, மதிப்பு, அந்த ரிப்போர்ட்டில் அச்சடித்திருந்த கீழ் வரம்பு, மேல் வரம்பு, அலகு. அட்டவணையைப் பிறகு இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம். வரம்பு தாண்டியதைக் குறிக்க, H பத்தியில் முதலில் எளிய சூத்திரம் ஒன்று போட்டேன். டிஸ்சார்ஜ் அன்று எடுத்த, உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும் சி.ஆர்.பி. `<5.0` என்று இருந்தது. அதாவது மெஷின் அளக்கக்கூடியதைவிடக் குறைவு, நல்ல செய்தி. என் பட்டியலோ அதை H, அதாவது அதிகம், என்று காட்டியது. எக்செல்லுக்கு `<5.0` ஓர் எண் அல்ல, எழுத்து. எந்த எழுத்தையும் அது எந்த எண்ணையும்விடப் பெரியதாகவே எடுத்துக்கொள்ளும். எண் இல்லாத இடத்தில் கேள்விக்குறி போடும்படி மாற்றிவிட்டேன்:

```
=IF(NOT(ISNUMBER(D2)),"?",IF(D2<E2,"L",IF(D2>F2,"H","")))
```

கேள்விக்குறி வந்த வரிகளை மட்டும் தாளைப் பார்த்துக் கையால் தீர்த்தேன்.

தேதி அதைவிட மோசமாக ஏமாற்றியது. என் லேப்டாப்பில் அமெரிக்க முறை. 05/03/2022 என்று அடித்தால் அது மே 3 ஆகிவிடுகிறது, எந்த எச்சரிக்கையும் இல்லை. 13/02/2021 மட்டும் மாறவில்லை, ஏனென்றால் பதின்மூன்றாம் மாதம் கிடையாது. அது வெறும் எழுத்தாகக் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. மற்றவை வலது ஓரம், இது மட்டும் ஏன் இடது ஓரம் என்று பார்த்ததில்தான் விஷயம் தெரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு 2022-03-05 என்று வருடத்தை முன்னால் வைத்து அடித்தேன். ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த தேதி, ரிப்போர்ட் வந்த தேதி என்று இரண்டு இருக்கும். நமக்கு வேண்டியது முதலாவது.

அடுத்து யூரியா. தெரு லேபில் 32, பெரிய லேபில் 16. பாதியாகக் குறைந்திருக்கிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். பெயரை உற்றுப் பார்த்தால் முதலாவது Urea, இரண்டாவது BUN. BUN என்பது யூரியாவில் இருக்கும் நைட்ரஜனை மட்டும் கணக்கிடுவது. அதை 2.14-ஆல் பெருக்கினால் யூரியா வந்துவிடும். 16 என்பது உண்மையில் 34. குறையவே இல்லை. பிளேட்லெட்டிலும் இப்படித்தான்: ஓர் இடத்தில் 2.4 லட்சம், இன்னோர் இடத்தில் 240. பின்னதை ஆயிரத்தால் பெருக்க வேண்டும், இரண்டும் ஒன்றுதான். மாற்றிய எண்களைத் தனிப் பத்தியில் வைத்து, தாளில் இருந்த மூல எண்ணை அப்படியே விட்டேன். வரம்பையும் அதே அளவில் மாற்ற வேண்டும். அதை மறந்தால் குறி தப்பாக விழும்.

மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c வரியை மட்டும் தனியாக நடத்த வேண்டியிருந்தது. ரிப்போர்ட்டில் 5.7-க்குக் கீழ் நார்மல் என்றுதான் அச்சடிக்கிறார்கள். அது சர்க்கரை இல்லாதவர்களுக்கு. அப்பாவுக்கு அந்த வரியில் எல்லா எண்ணும் H என்று வந்துகொண்டே இருக்கும், அதனால் யாருக்கும் பயனில்லை. பழைய டாக்டர் மருந்துச்சீட்டில் '7-க்குள்' என்று எழுதியிருந்தார். அந்த இலக்கையே மேல் வரம்பாக வைத்து, பக்கத்தில் 'இலக்கு' என்று எழுதிவிட்டேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு கிரியாட்டினினை மட்டும் வடிகட்டினேன். வந்தது இதுதான்:

| தேதி | லேப் | மதிப்பு | அந்த லேபின் வரம்பு | குறி |
|---|---|---|---|---|
| 2021-02-13 | தெரு லேப் | 0.9 | 0.6–1.4 | |
| 2022-03-05 | தெரு லேப் | 1.0 | 0.6–1.4 | |
| 2023-01-21 | பெரிய லேப் | 1.1 | 0.7–1.3 | |
| 2023-08-17 | ஆஸ்பத்திரி | 1.7 | 0.6–1.2 | H |
| 2023-11-11 | பெரிய லேப் | 1.2 | 0.7–1.3 | |
| 2024-06-08 | தெரு லேப் | 1.3 | 0.6–1.4 | |

இந்த ஆறு வரிகளை எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை. குறி விழுந்தது ஒரே ஓர் இடத்தில், ஆஸ்பத்திரி நாளில். மற்ற ஐந்திலும் லேப் சொன்னது சரிதான், எதுவுமே வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் அந்த ஐந்தையும் வரிசையாகப் படித்தால் 0.9, 1.0, 1.1, 1.2, 1.3. ஒரு தடவைகூடக் கீழே இறங்கவில்லை. 0.9-இலிருந்து 1.0 ஆவது ஒன்றுமில்லை. அந்த அளவு ஏற்ற இறக்கம் ஒரே ஆளுக்கு வாரத்துக்கு வாரம்கூட வரும். மூன்று வருடத்துக்கும் மேலாக ஒரே திசையில் போவது அப்படியல்ல.

எங்களை ஏமாற்றியது நடுவில் இருந்த 1.7. வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றிப்போன நாளில் எடுத்தது அது. நவம்பரில் 1.2 வந்ததும் 'அப்பாடா, குறைந்துவிட்டது' என்று வீட்டில் எல்லோரும் நிம்மதியானோம். அதை ஒப்பிட்டிருக்க வேண்டியது ஜனவரியின் 1.1-உடன். அட்டவணையில் அந்த நாளை நீக்கவில்லை, அதுவும் நடந்ததுதான். ஆனால் அந்தக் கட்டத்தைச் சாம்பல் நிறமாக்கி, 'வயிற்றுப்போக்கு, ட்ரிப் ஏறியது' என்று கீழே எழுதினேன். வரைபடத்தில் அந்தப் புள்ளியைக் கோட்டோடு சேர்க்கவில்லை.

சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை, அதாவது eGFR-ஐ, சில ரிப்போர்ட்டில் போட்டிருந்தார்கள், சிலவற்றில் இல்லை. போட்டதிலும் வெவ்வேறு வாய்பாடு. எல்லாவற்றையும் 2021-ஆம் ஆண்டின் சி.கே.டி-எபி வாய்பாட்டில் நானே திரும்பக் கணக்கிட்டேன். அதற்கு வயது, ஆணா பெண்ணா, கிரியாட்டினின் மூன்றும் போதும். அப்பாவுக்கு 64 வயதில் 95 இருந்தது 67 வயதில் 60 ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி நாளுக்கு மட்டும் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டேன். கிரியாட்டினின் வேகமாக ஏறி இறங்கும் நாட்களில் இந்த வாய்பாடு பொருந்தாது.

டாக்டருக்குக் கொடுக்க அச்செடுத்தது ஒரே ஏ4 தாள். பத்துப் பரிசோதனைகளுக்கு மேல் வைக்கவில்லை. வரம்பு தாண்டியதற்கு நிறம் கொடுக்காமல், தடித்த எழுத்தும் மேல்நோக்கிய அம்பும் வைத்தேன். தெருமுனைக் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும், சிவப்பு காணாமல் போய்விடும். ஒவ்வொரு மதிப்பின் கீழும் அந்த லேபின் வரம்பைச் சின்ன எழுத்தில் போட்டேன். மூல ரிப்போர்ட்டுகளைத் தேதி வரிசையில் பின்னால் வைத்தேன். போவதற்கு முந்தின இரவு தங்கை தாள்களைப் பார்த்து எண்களை வாசிக்க, நான் அட்டவணையில் சரிபார்த்தேன். பொட்டாசியத்தில் 4.8-ஐ 8.4 என்று அடித்திருந்தது அப்போதுதான் பிடிபட்டது. அப்படியே கொடுத்திருந்தால் டாக்டர் அப்பாவை அன்றே ஆஸ்பத்திரியில் சேர்க்கச் சொல்லியிருப்பார்.

டாக்டர் தாளைக் கையில் வாங்கி, கிரியாட்டினின் வரியில் பேனாவை வைத்தார். "முதல் ரெண்டும் கடைசியும் ஒரே லேப் தானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்போ லேப் மாறினதால ஏறினதா சொல்ல முடியாது" என்றார். அப்புறம் அப்பா பக்கம் திரும்பி, "வலி மாத்திரை ஏதாவது போடுறீங்களா?" என்றார். அப்பா கொஞ்சம் தயங்கி, "முட்டி வலிக்கு… கடையில வாங்கி… தினமும் ஒண்ணு" என்றார். டைக்ளோஃபெனாக். எத்தனை நாளாக என்று கேட்டால், இரண்டு வருடத்துக்கு மேல். எங்களுக்கு யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்வியை அதற்கு முன் யாரும் அவரிடம் கேட்டதில்லை.

தினமும் போட்டால் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் அந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னார். சிறுநீரகத்திலிருந்து புரதம் கசிகிறதா என்று தெரிந்துகொள்ள, சிறுநீரில் ஆல்புமின்–கிரியாட்டினின் விகிதம் பார்க்க எழுதினார். 42 வந்தது, 30-க்குள் இருக்க வேண்டும். "ஒரு தடவை பார்த்துட்டுச் சிறுநீரக நோய்னு முடிவு கட்டக் கூடாது. மூணு மாசம் கழிச்சு அதே லேப்ல ரெண்டையும் திரும்ப எடுங்க" என்றார். முட்டிக்கு வேறு மருந்தும் பிசியோதெரபியும் எழுதிக் கொடுத்தார்.

செப்டம்பரில் கிரியாட்டினின் 1.1, விகிதம் 34. விகிதம் இன்னும் வரம்புக்கு மேல்தான். டாக்டர் டிசம்பருக்குத் தேதி கொடுத்திருக்கிறார். அட்டவணையில் இப்போது கீழே ஒரு புது வரி சேர்த்திருக்கிறேன், 'வலி மாத்திரை' என்று. அதில் அப்பா போட்ட நாட்களைத் தன் கையாலேயே நாட்காட்டியில் குறித்து எனக்கு அனுப்புகிறார். இதுவரை எல்லாக் கட்டமும் காலி.