3,846 ரூபாயைத் திரும்ப வாங்கிய கதை

சென்னையில் உணவு டெலிவரி ஓட்டுகிறேன். 2024 ஏப்ரலிலிருந்து 2025 மார்ச் வரை இரண்டு ஆப்களில் மாற்றி மாற்றி ஓட்டினேன். வரி கட்டும் அளவுக்கு நமக்கு வருமானம் இல்லை, அதனால் கணக்கும் தாக்கல் செய்ய வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். கூட ஓட்டும் ஒருவர் வருமான வரித் தளத்தில் 26AS என்ற அறிக்கையைத் திறந்து பார்க்கச் சொன்னார். என் பான் எண்ணின் கீழ் இரண்டு நிறுவனங்களும் ஒவ்வொரு பேஅவுட்டிலும் ஒரு சதவீதத்தை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்டியிருந்தன. மொத்தம் 3,846 ரூபாய். நம்மை அவர்கள் ஊழியராகக் கணக்கில் வைப்பதில்லை, ஒப்பந்தக்காரராக வைக்கிறார்கள். அதனால் 194C பிரிவில் இந்த டிடிஎஸ். கணக்கு தாக்கல் செய்யாவிட்டால் அந்தப் பணம் அரசிடமே கிடக்கும்.

ஆகஸ்டில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். அங்கிருந்தவர் வங்கி ஸ்டேட்மென்ட்டைக் கேட்டார். ஆப்களிலிருந்து வந்த வரவுகளைக் கூட்டினால் 3,71,354 ரூபாய். அதை ITR-4 படிவத்தில் போட்டு, அதில் 6 சதவீதம் லாபம் என்று காட்டி, ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். ஆதார் ஓடிபி போட்டு இ-வெரிஃபை செய்தாகிவிட்டது. பரவாயில்லையே, வேலை சுலபமாக முடிந்தது என்று நானும் கிளம்பிவிட்டேன்.

செப்டம்பரில் நோட்டீஸ் வந்தது. 139(9) பிரிவு, உங்கள் கணக்கு குறைபாடுள்ளது, 15 நாளில் பதில் சொல்லுங்கள் என்று. அபராதம்தான் என்று பயந்துபோனேன். எங்கள் தெருவில் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு அக்கா இருக்கிறார். அவர் போனை வாங்கி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "தம்பி, 26AS-ல உன் மொத்த வரவு எவ்வளவுன்னு பாத்தியா?" என்று கேட்டார். பார்த்தேன். 3,84,600.

வித்தியாசம் 13,246 ரூபாய். அதில் 3,846 டிடிஎஸ். மீதி 9,400 ரூபாயை ஆப்களே கழித்திருக்கின்றன: பை, டி-ஷர்ட்டுக்கான தவணை, காப்பீடு இப்படி. வாராந்திர பேஅவுட் விவரத்தில் எல்லாம் வரிவரியாக இருக்கிறது, நான்தான் கடைசியில் உள்ள தொகையை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவேன். நிறுவனம் துறைக்குச் சொல்வது கழிப்பதற்கு முந்தைய தொகை. நான் சொன்னது கையில் வந்த தொகை. முழுத் தொகைக்கான டிடிஎஸ்ஸைத் திருப்பிக் கேட்டுவிட்டு வரவைக் குறைத்துக் காட்டினால் கம்ப்யூட்டர் தானாகவே பிடித்துவிடும். கேஷ் ஆர்டரில் வாடிக்கையாளர் கொடுத்த பணத்தை நான் அன்றன்றே யுபிஐயில் கட்டிவிடுவேன். அதைப் பேஅவுட்டில் கழித்துக்கொள்ள விடுகிறவர்களுக்கு வங்கியில் விழும் தொகை இன்னும் குறைவாக இருக்கும், குழப்பமும் பெரிதாக இருக்கும். வங்கிக் கணக்கை வைத்து இந்தத் தொழிலின் வரவைக் கணக்கிடவே கூடாது.

சரி, வரவை மாற்றிவிட்டால் போதும்தானே என்றேன். அக்கா விடவில்லை. "இந்த 6 சதவீதத்தையும் பாரு. மாசம் 1,857 ரூபாயில மெட்ராஸ்ல குடும்பம் நடத்துறேன்னு எழுதிக் குடுத்திருக்க."

அந்த வருடக் கணக்குக்கு 44AD பிரிவுதான் சிறு தொழில் செய்பவர்களுக்கான உத்தேச வழி. வங்கி வழியாக வந்த வரவில் குறைந்தது 6 சதவீதத்தையும், ரொக்கமாக வந்ததில் 8 சதவீதத்தையும் லாபமாகக் காட்டினால் கணக்குப் புத்தகம் வேண்டாம். ஆனால் அந்த 6 குறைந்தபட்ச அளவுதான். உண்மையில் அதற்கு மேல் சம்பாதித்திருந்தால் அதைக் காட்ட வேண்டும், படிவத்திலும் அதிகத் தொகையை எழுத இடம் இருக்கிறது. இந்த வழியில் பெட்ரோல், தேய்மானம் என்று தனித்தனியாகக் கழிக்கக் கட்டமே கிடையாது. அப்படியென்றால் செலவை ஏன் கூட்ட வேண்டும்? உண்மையான லாபம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான். அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க இதுதான் வேலை.

பெட்ரோலுக்கு என்னிடம் ஒரு பில்கூட இல்லை. யுபிஐ ஆப்பில் பங்க் பெயரைத் தேடித் தேடிக் கூட்டியதில் 61,240 ரூபாய் வந்தது. அது நம்பும்படி இருக்கிறதா என்று சர்வீஸ் பில்களை வைத்துப் பார்த்தோம், ஒவ்வொரு பில்லிலும் அன்றைய கிலோமீட்டர் எழுதியிருப்பார்கள். வருடத்தில் வண்டி ஓடியது சுமார் 30,000. லிட்டருக்கு 45 கொடுக்கிறது, அப்போது லிட்டர் ஏறக்குறைய 101 ரூபாய் என்றால் 67,000-க்குக் கொஞ்சம் மேலே வரும். மீதி ரொக்கமாகப் போட்டிருப்பேன், சாட்சி இல்லாததால் அதை விட்டுவிட்டோம். அதே வண்டியில்தான் மனைவியைக் கோயிலுக்கும் பையனை டியூஷனுக்கும் கொண்டு விடுகிறேன். அதற்குப் பத்து சதவீதம் ஒதுக்கிவிட்டு 55,116 எடுத்துக்கொண்டோம். சர்வீஸ், டயர், வண்டி இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 14,200, அதில் பத்து சதவீதம் போக 12,780.

வண்டிக் கடன் தவணையில்தான் நான் ஏமாந்திருப்பேன். வருடத்துக்கு 34,800 கட்டுகிறேன், முழுக்கச் செலவுதானே என்று நினைத்தேன். அசல் செலவாகாது, வட்டி மட்டும்தான் ஆகும். கடன் ஸ்டேட்மென்ட்டில் வட்டி 6,100, வேலைக்கான பங்கு 5,490. வண்டியின் விலை தேய்மானமாகத்தான் கணக்கில் வரும். பைக்குக்கு 15 சதவீதம், அதுவும் ஒவ்வொரு வருடமும் மீதமுள்ள மதிப்பில். 2023 ஜூலையில் 92,000-க்கு வாங்கினேன். வாங்கிய வருடம் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் பாதிதான் கிடைக்கும், எனக்கு அந்தச் சிக்கல் இல்லை. முதல் வருடம் 13,800 போய் மீதி 78,200, அதில் 15 சதவீதம் 11,730. வேலைக்கான பங்கு 10,557. உத்தேச வழியில் போனாலும் தேய்மானம் கழிந்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். வண்டி விலையைச் சேர்த்துவைத்துப் பிற்பாடு மொத்தமாகக் கழிக்க முடியாது.

போன் செலவில் பாதி 1,800, ஆப்கள் கழித்த 9,400. டிராஃபிக் ஃபைன் 1,500 ரூபாயையும் நீட்டினேன். சட்டத்தை மீறிக் கட்டியது செலவாகாது என்று அக்கா திருப்பிக் கொடுத்தார்.

செலவு மொத்தம் 95,143. லாபம் 2,89,457 ரூபாய். அந்த வருடம் புதிய வரி முறையில் 3 லட்சம் வரை வரி இல்லை. ஆக 6 சதவீதம் காட்டினாலும் உண்மையைக் காட்டினாலும் வரி பூஜ்யம்தான். அப்புறம் எதற்குக் குறைத்துக் காட்ட வேண்டும்? அடுத்த வண்டிக்கு லோன் கேட்டால் வங்கி கேட்பது இந்தத் தாளைத்தான். 22,000 ரூபாய் வருட வருமானம் என்று எழுதியிருந்தால் அங்கே பேச்சே எடுபடாது.

நோட்டீசுக்குப் பதிலில் குறைபாட்டை ஒப்புக்கொண்டு, 3,84,600 வரவும் 2,89,457 லாபமும் போட்டுத் திருத்திய ITR-4-ஐ ஏற்றினோம். திரும்பவும் ஆதார் ஓடிபி. ரீஃபண்ட் வர வேண்டிய வங்கிக் கணக்கைத் தளத்தில் முன்கூட்டியே சரிபார்க்க வேண்டும். என் பாஸ்புக்கில் இனிஷியல் பின்னால், பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாக. இரண்டு தடவை நிராகரித்தது. வங்கிக்குப் போய்ப் பெயரை மாற்றி எழுதிக் கொடுத்த பிறகுதான் ஏற்றுக்கொண்டது.

அக்டோபர் கடைசியில் ஒரு ஆர்டருக்காக ஹோட்டல் வாசலில் நின்றுகொண்டிருந்தபோது மெசேஜ் வந்தது. பத்து ரூபாய்க்கு முழுமையாக்கி 3,850, கூடவே கொஞ்சம் வட்டி. அந்த வாரமே பின் டயரை மாற்றினேன், பில்லை மறக்காமல் வாங்கிக்கொண்டேன்.