டீக்கடை சவுண்ட் பாக்ஸை வச்சு ரெண்டரை நிமிஷ ஸ்கெட்ச் எழுதின கதை

யூடியூப் ஷார்ட்ஸ் 2024 அக்டோபர்ல 3 நிமிஷம் வரைக்கும் போடலாம்னு மாத்தினதும் எங்க டீம்ல எல்லாருக்கும் ஒரு நிமிஷ ஜோக்ல இருந்து கொஞ்சம் பெரிய ஸ்கெட்சுக்குப் போகணும்னு ஆசை வந்துச்சு. நான் எழுத எடுத்துக்கிட்டது டீக்கடைல பணம் வந்தா சத்தமா சொல்ற அந்தக் குட்டிப் பொட்டிய. ஐடியா ஒரே வரிதான்: அது தொகைய மட்டும் சொல்லாம அதுக்கு மேல ஒரு வாக்கியம் சேர்த்துச் சொல்லும்.

மொத டிராஃப்ட் படிக்கும்போதே நாலு நிமிஷத்துக்கு மேல போச்சு, அதுல பாதி ஹீரோ யாரு, எங்க வேலை பாக்குறான், டீ மாஸ்டர் கூட என்ன பழக்கம்னு அறிமுகம்தான். அத்தனையும் தூக்கிட்டு, ஹீரோ டீ குடிச்சு முடிச்சு இருபது ரூபா நோட்டை நீட்டுற இடத்துல இருந்து ஆரம்பிச்சேன். மாஸ்டர், "சார் கிழிஞ்சிருக்கு, ஃபோன்ல போடுங்க"ன்னு திருப்பித் தர்றாரு. ஸ்கேன் பண்றான். "ரூபாய் பதினைந்து பெறப்பட்டது"ன்னு வழக்கம்போல சொல்லிட்டு, ஒரு செகண்ட் கழிச்சு, "மீதி இருப்பு நாற்பத்திரண்டாயிரம்." இது இருபத்தஞ்சாவது செகண்ட்ல வந்துடணும், அதுக்கு மேல போனா பாக்குறவங்களுக்கு இது எதைப் பத்தின வீடியோன்னே தெரியாது, விரல் நகர்ந்துடும்.

அடுத்து ஏத்தம், அதாவது அதே ஜோக்க ஒவ்வொரு சுத்துலயும் பெருசாக்குறது. ரொம்ப நேரம் நான் உட்கார்ந்தது இங்கதான். டீம்ல பொட்டி பாட்டுப் பாடட்டும், சண்டை போடட்டும், கடைசில நடந்து வரட்டும்னு நிறைய சொன்னாங்க, தனித்தனியா எல்லாமே சிரிப்பு வர்ற ஐடியாதான், ஆனா அது ஒவ்வொண்ணும் வேற வேற ஜோக். பொட்டி மாறவே கூடாது, அதே குரல், அதே பெறப்பட்டது, மாற வேண்டியது அதைக் கேக்குறது யாருன்றதுதான். மொத தடவை மாஸ்டர் மட்டும் கேக்குறாரு, ஹீரோவுக்குப் பெருசா நஷ்டம் இல்ல. ரெண்டாவது, அவனுக்கு அஞ்சாயிரம் கடன் குடுத்த ஃப்ரெண்டு வர்றான், இவன் "இன்னும் சம்பளம் போடலடா"ன்னு சொல்லிட்டு அவனுக்கு ஒரு டீ வாங்கித் தர்றான், பொட்டி, "நேற்று சம்பளம் வந்தது"ங்குது. மூணாவது மேனேஜர். காலைல காய்ச்சல்னு இவன் பர்மிஷன் வாங்கியிருக்கான், அவருக்கும் டீ சொல்லியே ஆகணும், ஸ்கேன் பண்ணினா, "நேற்று இரண்டாம் ஆட்டம், டிக்கெட் இரண்டு."

ஆள் வந்தா டீ சொல்லணும், டீ சொன்னா காசு குடுக்கணும், அதனால அவன ஸ்கேன் பண்ண வைக்க நான் தனியா காரணம் தேட வேண்டியதே இல்லாமப் போச்சு. இன்னொண்ணு, மாஸ்டர் ஒரு தடவை கூட ஆச்சரியப்படக் கூடாது, "அது அப்படித்தான் சார் சொல்லும்"னு கிளாஸ் கழுவிட்டே இருக்கணும். பதறுறது ஹீரோ மட்டும்தான், எல்லாரும் பதறினா யாரைப் பாத்து சிரிக்கிறதுன்னே தெரியாது. கடைசி சுத்து முந்தின ரெண்டையும் விடச் சின்னதா வரணும்னும் பாத்துக்கிட்டேன், முதல் ரெண்டும் நாப்பது செகண்ட், மூணாவது முப்பது, ஏன்னா பொட்டி உண்மைய உடைச்சிடும்ங்கிற விதி அதுக்குள்ள எல்லாருக்கும் புரிஞ்சிருக்கும், மேனேஜர் நடந்து வர்றத பாத்தாலே சிரிக்க ஆரம்பிச்சிடுவாங்க.

பஞ்ச்லைனுக்கு மனைவி வர்றது, போலீஸ் வர்றதுன்னு எழுதிப் பாத்தேன், எல்லாம் நாலாவது சுத்து மாதிரியே இருந்துச்சு, முடிவு மாதிரி இல்ல. அப்புறம் ஸ்கிரிப்டோட முதல் அரைப் பக்கத்துக்கே திரும்பிப் போனேன், அங்க கிழிஞ்ச நோட்டு சும்மா கிடக்குது! மேனேஜர் "இன்னொரு டீ"ங்குறாரு, ஹீரோ ஃபோனை பாக்கெட்ல போட்டுட்டு அதே நோட்டை நாலா மடிச்சு சத்தமில்லாம தட்டுல வைக்கிறான், ஜெயிச்சிட்ட மாதிரி லேசா சிரிக்கிறான். "ரூபாய் இருபது பெறப்பட்டது." ஒரு செகண்ட். "நோட்டு கிழிந்துள்ளது." கட். ஹீரோ மூஞ்சிய ஒரு தடவை காட்டலாம்னு எடிட்டர் கேட்டாரு, நான் வேணாம்னுட்டேன், அந்த ரியாக்ஷன் பாக்குறவங்களோடது.

ஷூட்டுக்கு முன்னாடி கதை தெரியாத ரெண்டு பேருகிட்ட படிச்சுக் காட்டினோம். யாராவது "பொட்டிக்கு எப்படித் தெரியும்?"னு கேட்டா விதி சரியா விழலன்னு அர்த்தம், அவங்க கேக்கல. சப்டைட்டில் போடுறப்ப மட்டும் ஒண்ணு கவனிங்க, பொட்டியோட ரெண்டு வாக்கியத்தையும் ஒரே கார்டுல போட்டா காது கேக்குறதுக்கு முன்னாடி கண்ணு படிச்சு முடிச்சிடும், அந்த ஒரு செகண்ட் இடைவெளி வீணாப் போயிடும், அதனால ரெண்டாவது வாக்கியத்த தனி கார்டா குரல் வர்ற அதே ஃப்ரேம்ல வைங்க.