பதினாறு கோர் பிராசசரும் மலிவு போர்டும்: கொழிஞ்சாம்பாறையில் நான் பட்ட பாடு

திருமண வீடியோக்களை ரெண்டர் செய்வதற்காக ரைசன் 9 5950எக்ஸ் பிராசசரை வாங்கிவிட்டு, கையில் மிஞ்சிய பணத்துக்கு ஏ520 சிப்செட் உள்ள மலிவு மதர்போர்டு ஒன்றைக் கோயம்புத்தூர் கடையில் எடுத்தேன். "சப்போர்ட் லிஸ்ட்ல இருக்குதுங்கண்ணா, தைரியமா எடுத்துட்டுப் போங்க" என்றார் கடைக்காரத் தம்பி. அந்தப் பட்டியலில் இருந்தால் பிராசசர் அந்தப் போர்டில் இயங்கும் என்பது மட்டுமே பொருள். மணிக்கணக்கில் முழுச்சுமையைத் தாங்குமா என்பதற்கு அது பதிலாகாது என்பதை அன்று நான் யோசிக்கவில்லை.

பொருத்துவதில் சிக்கல் ஏதும் இல்லை. ரெண்டர் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வேகம் 3.8 கிகாஹெர்ட்ஸிலிருந்து 0.55க்கு விழுந்து, சில நொடிகளில் எழுந்து, மறுபடியும் விழுந்தது. கூலர்தான் காரணம் என்று எண்ணி, பேஸ்ட்டைத் துடைத்து இருமுறை மாட்டி ஒரு நாளை வீணாக்கினேன். உண்மையில் பிராசசரின் வெப்பம் 64 டிகிரிதான். பிராசசர் குளிர்ந்திருக்கும்போதே வேகம் இப்படிச் சரிந்தால், பிராசசருக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தரும் போர்டின் விஆர்எம் பகுதியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் `Thermal Throttling (PROCHOT EXT)` என்ற வரியில் `Yes` என்று வந்திருந்தது. வேகத்தைக் குறைக்கும் கட்டளை பிராசசருக்கு வெளியிலிருந்து, அதாவது போர்டிலிருந்து, வந்திருக்கிறது.

விஆர்எம்மில் மின்னோட்டத்தைப் பகிர்ந்து சுமக்கும் ஒவ்வொரு பிரிவும் ஒரு பேஸ். அட்டைப்பெட்டியில் "6 பேஸ்" என்று அச்சிட்டிருந்தார்கள். அவற்றில் இரண்டு, பிராசசருக்குள் நினைவகத்தைக் கையாளும் எஸ்ஓசி பகுதிக்கு உரியவை; கோர்களுக்கு நான்குதான். இந்தப் பிராசசருக்கு நீடித்த மின்னோட்ட வரம்பு 95 ஆம்பியர் என்பதால், ஒரு பேஸின் தலையில் ஏறத்தாழ 24 ஆம்பியர் விழுகிறது. எட்டு பேஸ் இருந்திருந்தால் 12 ஆம்பியர்தான். பேஸில் சுவிட்சாக இயங்கும் மாஸ்ஃபெட்டின் மின்தடையால் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுவதால், ஒவ்வொரு பேஸும் அதைப்போல நான்கு மடங்கு வெப்பத்தைக் கக்குகிறது.

விஆர்எம்மின் மேல் சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் இருக்கிறதே என்று நம்பியதும் தவறாயிற்று. இரண்டு பிளாஸ்டிக் பின்களை அழுத்தி அதைக் கழற்றியபோது, தெர்மல் பேடில் பன்னிரண்டு மாஸ்ஃபெட்டுகளில் எட்டின் தடம்தான் ஆழமாகப் பதிந்திருந்தது. ஓரத்தில் இருந்த நான்கும் பேடை ஒட்டவே இல்லை. கடையில் பார்ப்பவர்கள் பின்னுக்குப் பதில் திருகு இருக்கிறதா, பிடித்துப் பார்த்தால் கனமாகவும் வரிவரியாக வெட்டியும் இருக்கிறதா என்று கவனியுங்கள். வெட்டில்லாத வழுவழுப்பான தகடு வெறும் அலங்காரம்.

மாற்றித் தரச் சொல்லி வேலந்தாவளம் வழியாக மறுபடியும் பஸ் ஏறிப் போனேன். "பெட்டியைப் பிரிச்சுட்டீங்களே" என்று கைவிரித்துவிட்டார்கள்.

இறுதியில் பயாஸில் மின்நுகர்வைக் குறைக்கும் 65 வாட் ஈகோ மோடை இட்டேன். மின்னோட்ட வரம்பு 95லிருந்து 60 ஆம்பியராக இறங்குவதால், அந்த மின்தடை வெப்பம் ஐந்தில் இரண்டு பங்காகிறது. தடிமனான பேட் வாங்கி ஒட்டி, ஒரு சிறிய விசிறியையும் ஹீட்சிங்கின் மேல் கேபிள் டையால் கட்டினேன். ஒரு மணி நேர வேலை இப்போது ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. ஆனால் பாலக்காட்டுக் கணவாயின் ஏப்ரல் வெயிலிலும் `PROCHOT EXT` வரியில் `No` என்றே நிற்கிறது.